ரவுட்டர் எத்தனை படி ஏறும்?

கணினி வலையமைப்புத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு கணினி, ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் சர்வரிடம் வலைப்பக்கம் ஒன்றைக் கேட்கிறது. கணினியிலிருந்து கிளம்பும் ஃப்ரேமில் பெறுநரின் மேக் முகவரி என்ற இடத்தில் இருப்பது யாருடைய முகவரி? சர்வருடையது என்று எழுதிவிடத் தோன்றும். சரியான விடை, ரவுட்டருடையது. அதே ஃப்ரேமின் உள்ளே இருக்கும் ஐ.பி. முகவரியோ சர்வருடையதுதான். இந்த வேறுபாடு ஏன் என்று பிடிபட்டால், அடுக்கு மாதிரியின் மையம் பிடிபட்டுவிடும்.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணினியின் முகவரி 192.0.2.10. அதன் பக்கத்து ரவுட்டர் 192.0.2.1. அதே ரவுட்டரின் மறுபக்க முகவரி 203.0.113.1. அந்தப் பக்கத்தில் இருக்கும் சர்வர் 203.0.113.80. இவை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட முகவரிகள். `example.com` என்ற பெயருக்கு உரிய முகவரியை டி.என்.எஸ். தந்துவிட்டது, கணினிக்கும் சர்வருக்கும் இடையே டி.சி.பி. இணைப்பும் ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிரவுசர் இரண்டே வரி எழுதுகிறது:

```
GET / HTTP/1.1
Host: example.com

```

ஒவ்வொரு வரியின் முடிவுக்கும் இரண்டு பைட். கடைசி வெற்று வரியையும் சேர்த்தால் மொத்தம் 37 பைட். ஐந்தாவது அடுக்கான பயன்பாட்டு அடுக்கின் வேலை இத்துடன் முடிகிறது.

இனி இறக்கம். நான்காவது அடுக்கில் டி.சி.பி. இந்த 37 பைட்டின் முன்னால் 20 பைட் ஹெடரைச் சேர்க்கிறது. அனுப்பும் போர்ட் 50000, பெறும் போர்ட் 80. எத்தனையாவது பைட்டிலிருந்து தொடங்குகிறது என்ற வரிசை எண்ணும் அதில் இருக்கும். இப்போது 57 பைட் கொண்ட செக்மென்ட் கிடைத்திருக்கிறது. மூன்றாவது அடுக்கில் ஐ.பி. இன்னொரு 20 பைட் சேர்க்கிறது. அனுப்புநர் 192.0.2.10, பெறுநர் 203.0.113.80, இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்பதற்கான டி.டி.எல். எண் 64. இது 77 பைட் பாக்கெட்.

இரண்டாவது அடுக்குக்கு இறங்கும் முன் கணினி ஒன்றைப் பார்த்தாக வேண்டும். பெறுநர் என் வலையமைப்பிலேயே இருக்கிறாரா? முகவரியின் முதல் மூன்று எண்கள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்று கொண்டால், 192.0.2 வேறு, 203.0.113 வேறு. ஆக, பெறுநர் வெளியே இருக்கிறார். வெளியே போக வேண்டியதை ரவுட்டரிடம்தான் கொடுக்க வேண்டும். ரவுட்டரின் மேக் முகவரி தெரியாவிட்டால், '192.0.2.1 யார்?' என்று ஏ.ஆர்.பி. வழியாக அந்த வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும். ரவுட்டர் தன் மேக் முகவரியைச் சொல்லும். இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டிப் போகாது. எனவே சர்வரின் மேக் முகவரி நம் கணினிக்குத் தெரிய வழியே இல்லை. தேவையும் இல்லை.

ஈதர்நெட் முன்னால் 14 பைட் ஹெடரும், பிழை கண்டறியப் பின்னால் 4 பைட்டும் சேர்க்கிறது. 77 பைட் 95 பைட் ஃப்ரேம் ஆகிறது. முதல் அடுக்கு அதை மின் துடிப்புகளாகக் கம்பியில் அனுப்புகிறது.

இறங்கும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் ஹெடரில் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறது. இதைத் திறந்தபின் மேலே யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதே அந்த எண். ஈதர்நெட் ஹெடரில் 0x0800 என்றால் உள்ளே இருப்பது ஐ.பி. பாக்கெட். ஐ.பி. ஹெடரில் 6 என்றால் டி.சி.பி. செக்மென்ட். டி.சி.பி. ஹெடரில் போர்ட் 80 என்றால் வலைச் சேவை. ஏறும் வழியைக் காட்டுபவை இந்த மூன்று எண்கள்.

ரவுட்டர் ஃப்ரேமைப் பெறுகிறது. பெறுநர் மேக் முகவரி தன்னுடையதே என்று கண்டு, ஈதர்நெட் உறையைக் கழற்றி எறிகிறது. 0x0800 சொன்னபடி மூன்றாவது படிக்கு ஏறுகிறது. பெறுநர் ஐ.பி. 203.0.113.80. அது தானில்லை. ஆகவே அதற்கு மேல் ஏறுவதில்லை. 6, 80 என்ற எண்கள் அதற்குத் தேவைப்படவே இல்லை. டி.டி.எல்.லை 64இலிருந்து 63 ஆகக் குறைத்து, ஐ.பி. ஹெடரின் சரிபார்ப்புத் தொகையைத் திருத்தி, வழி அட்டவணையைப் பார்த்து மறுபடி இறங்குகிறது. மறுபக்கத்துக்கு முற்றிலும் புதிய ஃப்ரேம். அதில் அனுப்புநர் மேக் ரவுட்டரின் மறுபக்கத்து முகவரி. பெறுநர் மேக் இப்போதுதான் சர்வருடையது. ஐ.பி. முகவரிகள் இரண்டும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன.

வழியில் ஸ்விட்ச் இருந்தால் அது இரண்டாவது படியோடு நின்றுவிடும். மேக் முகவரியைப் பார்க்கும், மாற்றாது. வீட்டு ரவுட்டர் மட்டும் இந்தக் கணக்குக்குச் சற்று விலகியது. வீட்டின் உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்ற வேண்டியிருப்பதால், அது அனுப்புநர் ஐ.பி.யையும் போர்ட்டையும்கூடத் திருத்தும். தேர்வில் நாட் என்று சொல்லாதவரை ஐ.பி. மாறாது என்றே எழுதலாம்.

சர்வரில்தான் முழு ஏற்றம். 0x0800 பார்த்து ஐ.பி.க்கு, 6 பார்த்து டி.சி.பி.க்கு, 80 பார்த்து வலைச் சேவைக்கு. 95 பைட் உறை உறையாகக் கழன்று, பிரவுசர் எழுதிய அதே 37 பைட் சர்வர் மென்பொருளின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

பதில் 3000 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் அடங்கும் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். அதில் இரு ஹெடர்களுக்கு 40 போக மீதி 1460. எனவே டி.சி.பி. பதிலை 1460, 1460, 80 என மூன்றாக நறுக்குகிறது. நடுத்துண்டு வழியில் தொலைந்தால் என்ன ஆகும்? தொலைந்ததை ஐ.பி. தேடாது, ரவுட்டரும் கவலைப்படாது. மூன்றாவது துண்டைப் பெற்ற கணினியின் டி.சி.பி. அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு, 'எனக்கு 1461ஆவது பைட் வேண்டும்' என்று மறுபடி சொல்லும். சர்வர் காத்திருக்கும் நேரம் தீர்ந்ததும் அந்தத் துண்டை மீண்டும் அனுப்பும். அது வந்ததும் கணினி ஒரே தாவலில் 'இனி 3001' என்று ஒப்புகை தரும். பிரவுசருக்குத் தொலைந்ததே தெரியாது, பக்கம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

பக்கம் வரவே இல்லையென்றாலும் இதே படிகளில் ஏறிப் பார்க்கலாம். சர்வருக்கு `ping` அனுப்பும்போது `Destination Host Unreachable` என்று நம் கணினியே சொன்னால், பெரும்பாலும் ஏ.ஆர்.பி. கேள்விக்கு ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை. கோளாறு இரண்டாவது படியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. `ping` பதில் வந்துவிட்டால் மூன்று படிகள் வரை சரி. அதன்பின்னும் பிரவுசர் `ERR_CONNECTION_REFUSED` என்றால், கோரிக்கை சர்வர் வரை போய் நான்காவது படியில் நின்றிருக்கிறது. அங்கே போர்ட் 80இல் எடுத்துக்கொள்ள யாரும் இல்லை என்பதே பொதுவான காரணம். மாறாக, `404` என்று ஒரு பக்கம் வந்தால் ஐந்து படிகளும் வேலை செய்கின்றன. கேட்ட பக்கம்தான் அங்கே இல்லை. ஆனால் `ping` பதில் வராததை மட்டும் வைத்து வழி அடைபட்டது என்று முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பதில் தராதபடி அமைத்த சர்வர்களும் உண்டு.