நிறுமக் குற்றப் பொறுப்பு: யாருடைய அறிவு நிறுமத்தின் அறிவாகிறது?

முன்னுரை

நிறுமம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர். ஆனால் அதற்கெனத் தனி மனம் இல்லை. எனவே குற்றமனம் வேண்டப்படும் இடங்களில், ஒரு மனிதரின் அறிவை நிறுமத்தின் அறிவாக ஏற்றிக் கூற வேண்டியுள்ளது. அம்மனிதர் யார் என்பதை இரு தீர்ப்புகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

டெஸ்கோ வழக்கு (1971)

இங்கிலாந்தில் டெஸ்கோ நிறுமத்தின் கடையொன்றில் சலவைத்தூளுக்கு விலைக் குறைப்பு விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. குறைந்த விலைப் பொதிகள் தீர்ந்தபின், பணியாளர் ஒருவர் வழக்கமான விலையுள்ள பொதிகளை அடுக்கினார். கடை மேலாளர் அதைக் கவனிக்கவில்லை. வாடிக்கையாளரிடம் கூடுதல் விலை கேட்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வணிக விவரணைச் சட்டப்படி இது குற்றம். குற்றமனம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. எனினும், தவறு 'வேறொருவருடையது' என்றும், தான் உரிய கவனம் செலுத்தியதாகவும் நிறுவினால் நிறுமம் தப்பலாம்.

மேலாளர் நிறுமமேயா, வேறொருவரா என்பதே வினா. அவர் வேறொருவரே எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இயக்குநர் குழுவும் அதன் அதிகாரத்தைத் தன்னுரிமையுடன் செலுத்துவோருமே நிறுமத்தின் 'வழிநடத்தும் மனம்' ஆவர். கடை மேலாளர் மேலிடத்தின் ஆணைப்படி நடக்கும் கையே. டெஸ்கோ விடுவிக்கப்பட்டது. இவ்வளவுகோலின் குறை வெளிப்படையானது: நிறுமம் பெரிதாகுந்தோறும் தவறு நிகழும் இடம் தலைமையிலிருந்து விலகுகிறது, சிறு நிறுமமே எளிதில் சிக்குகிறது.

மெரிடியன் வழக்கு (1995)

நியூசிலாந்திலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த இவ்வழக்கு குற்ற வழக்கன்று. ஆயினும் அதன் நெறி குற்றவியலிலும் பயன்படுகிறது. முதலீட்டு அதிகாரி ஒருவர் இயக்குநர் குழு அறியாமல் நிறுமத்தின் பெயரில் வேறொரு நிறுமத்தின் பங்குகளைப் பெருமளவில் வாங்கினார். கணிசமான பங்குடைமையை அறிந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், நிறுமம் அறிவிக்கவில்லை. அவருடைய அறிவே நிறுமத்தின் அறிவு என ஹாஃப்மன் பிரபு கூறினார். பங்குகளை யார் வாங்குகிறார் என்பதை விரைவில் வெளிப்படுத்துவதே அச்சட்டத்தின் நோக்கம். குழுவின் அறிவு மட்டுமே கணக்கில் வருமாயின், குழு கண்ணை மூடிக்கொண்டிருப்பதே நிறுமத்துக்கு ஆதாயமாகும். ஆகவே யாருடைய அறிவு என்பதைப் பதவி மட்டும் முடிவு செய்யாது. குறிப்பிட்ட சட்டத்தின் சொல்லும் நோக்கமும் முடிவு செய்யும்.

இந்திய நிலை

இரிடியம் எதிர் மோட்டரோலா (2011) வழக்கில், நிறுமத்தைக் கட்டுப்படுத்துவோரின் குற்றமனத்தை நிறுமத்துக்கு ஏற்றலாம் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுனில் பாரதி மிட்டல் (2015) வழக்கு இதன் எல்லையைக் காட்டியது: நிறுமத்தின் குற்றத்தை மட்டும் காட்டி இயக்குநரைக் குற்றவாளியாக்க முடியாது. அதற்கு அவருடைய சொந்தப் பங்கும் குற்றமனமும் காட்டப்பட வேண்டும். அன்றேல் சட்டமே அவ்வாறு பொறுப்பை விதித்திருக்க வேண்டும்.

முடிவுரை

எனவே நிறுமக் குற்ற வழக்கை ஆராய்வோர் பணியாளரின் பதவியிலிருந்து தொடங்குவது போதாது. மீறப்பட்ட சட்டப்பிரிவு எதைத் தடுக்க முனைகிறது, அப்பணியை நிறுமம் யாரிடம் ஒப்படைத்திருந்தது என்னும் இரண்டையும் முதலில் காண வேண்டும்.