இருபது போன்கள், ஒரே வீடியோ

மே 31 அன்று பணி நிறைவு பெறும் தலைமை ஆசிரியைக்கு ஒரு வாழ்த்து வீடியோ தயாரிக்க வேண்டும். ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் இந்த யோசனை எழுந்தால், வேலை நேராகக் கணினி ஆசிரியரின் தலையில் வந்து விழும். “எல்லோரும் அரை நிமிடம் பேசி குரூப்பில் போடுங்கள்” என்று அவர் சொல்வார். இரண்டு நாளில் இருபது கிளிப் வந்து சேரும். ஒன்று நெட்டுக்குத்தாக இருக்கும், இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். ஒருவர் குரல் காதைப் பிளக்கும், மற்றொருவர் பேசுவது மின்விசிறி இரைச்சலில் மூழ்கியிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்யவே முடியாத இழப்பு ஒன்று உண்டு. அது “குரூப்பில் போடுங்கள்” என்ற வார்த்தையிலேயே நடந்துவிடுகிறது.

சாதாரண ஸ்மார்ட்போன் 1080p தரத்தில் ஒரு நிமிடம் பதிவு செய்தால் கோப்பு ஏறத்தாழ 125 எம்.பி. வரும். அதையே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், தரவைச் சேமிப்பதற்காக அந்தச் செயலி அதைப் பல மடங்கு சுருக்கிவிடும். HD என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு, கொஞ்சம் குறைவாக. கைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது. விழா அரங்கின் திரையில் போட்டதும் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். போன தகவலை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதே வாட்ஸ்அப்பில் Document என்ற வழியாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். 2 ஜி.பி. வரை அனுமதி உண்டு. கூகுள் டிரைவில் ஒரு பொதுக் கோப்புறை திறந்து, எல்லோருக்கும் பதிவேற்றும் உரிமை கொடுப்பது இன்னும் ஒழுங்கான வழி. இருபது பேரின் அரை நிமிடக் கிளிப்புகள் சேர்ந்தாலும் ஒன்றரை ஜி.பி. அளவில் அடங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில் அது சிறு மூலை. ஒரே கட்டடத்தில் இருப்பவர்களிடம் யு.எஸ்.பி. கேபிளை எடுத்துப் போவதே போதும்.

வந்த கோப்பு அசலா, சுருங்கியதா? ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் சேமித்த வீடியோவின் பெயர் VID-20250512-WA0004.mp4 என்ற மாதிரியில் இருக்கும். நடுவில் WA கண்டால் அந்த ஆசிரியரிடமே திரும்பக் கேட்டுவிட வேண்டும்: “மேடம், உங்கள் கேலரியில் ஒரிஜினல் இருக்கும். அதை மட்டும் Document-ஆக அனுப்புங்கள்.” அன்றே கேட்டால் கிடைக்கும். விழா முடிந்து கேட்டால் இடம் போதவில்லை என்று அழித்திருப்பார்கள்.

அடுத்தது திசை. போனை எப்படிப் பிடித்தாலும் அதன் கேமரா சென்சார் திரும்புவதில்லை. படத்தைச் சென்சார் இருக்கும் வாக்கிலேயே பதிவு செய்துவிட்டு, ‘இதைக் காட்டும்போது 90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பை போன் கோப்புக்குள் எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில்தான் மனிதர்கள் படுத்தபடி பேசுகிறார்கள். MediaInfo என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் Rotation என்ற வரியில் இந்தக் குறிப்பைக் காணலாம். பதிவு தொடங்கும் நொடியில் போன் எந்த நிலையில் இருந்ததோ அதுதான் குறிப்பாகும். போன் மேசையில் கிடக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டு அப்புறம் தூக்கினால் முழுக் கிளிப்பும் தவறான திசையில் நிற்கலாம். எடிட்டிங் மென்பொருளில் கையால் திருப்பினால் அது சரியாகிவிடும்.

நெட்டுக்குத்தாக எடுத்ததுதான் உண்மையான சிக்கல். 1920க்கு 1080 என்ற அகலத் திரையில் அந்த வீடியோவின் முழு உயரத்தையும் அடக்கினால், அகலத்தில் 608 புள்ளிகளை மட்டுமே அது பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு திரை கறுப்பாகக் கிடக்கும். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் தலையோ தாடையோ வெட்டுப்படும். அதே கிளிப்பின் இன்னொரு பிரதியைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் போடுவதுதான் பலரும் செய்வது. கண்ணை உறுத்தாது, ஆனால் இருபது கிளிப்புக்கும் அதையே செய்தால் சலித்துப்போகும். காலியான பக்கத்தில் பேசுபவரின் பெயரையும், தலைமை ஆசிரியையுடன் அவர் எடுத்துக்கொண்ட பழைய புகைப்படத்தையும் வைப்பது அதைவிட நல்லது. அந்த இடம் அப்போது வீடியோவுக்கே பயன்படுகிறது.

கண்ணுக்கு உடனே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. நொடிக்கு 30 படங்கள் என்று போன் சொன்னாலும், வெளிச்சம் குறைந்தால் அல்லது சூடேறினால் அந்த வேகம் நடுவில் மாறும். நிலையான வேகத்தை எதிர்பார்க்கும் எடிட்டிங் மென்பொருளில் இதனால் குரலும் உதடும் மெல்லப் பிரியும். முதல் வாக்கியம் சரியாக இருக்கும், கடைசி வாக்கியம் முந்தியோ பிந்தியோ வரும். எனவே ஒவ்வொரு கிளிப்பின் முடிவையும் பார்த்துச் சோதிக்க வேண்டும். எடிட்டிங்குக்கு முன் HandBrake என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் 30, Constant Framerate என்று மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. புதிய ஐபோன்களிலிருந்து வரும் கிளிப்புகள் சில வெளிறித் தெரியும். அவை HDR முறையில் பதிவானவை. வண்ணத்தைக் கையால் திருத்தலாம், அல்லது HDR Video அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுத்துத் தரச் சொல்லலாம்.

பார்வையாளர்கள் படத்தைவிடச் சத்தத்தைத்தான் சீக்கிரம் மன்னிக்க மறுப்பார்கள். உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் நின்று பேசுகிறார், நடுவில் யாரோ விசில் ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பின் உச்சச் சத்தத்தை மட்டும் அளந்து சமன்செய்தால், மென்பொருள் விசிலை உச்சமாக எடுத்துக்கொள்ளும். அவர் பேச்சு தாழ்ந்தே நிற்கும். காது உணரும் சராசரி ஒலியை அளக்க LUFS என்ற அலகு இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010இல் இதை வைத்து ஒரு தரநிலையே வகுத்தது. எல்லாக் கிளிப்பையும் −16 LUFS அளவுக்குக் கொண்டுவந்தால் குரல்கள் ஒரே வரிசையில் நிற்கும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவியில் ஒரே வரி போதும்:

```
ffmpeg -i 07.mp4 -c:v copy -af loudnorm=I=-16:TP=-1.5:LRA=11 -ar 48000 07_oli.mp4
```

படம் தொடப்படாது, ஒலி மட்டும் மாறும்.

ஆனால் தாழ்ந்த குரலை உயர்த்தினால் மின்விசிறியும் சேர்ந்தே உயரும். ஆகவே இரைச்சலை முதலில் குறைத்துவிட்டு, ஒலியைப் பிறகு உயர்த்த வேண்டும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளுக்கு இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை மாதிரியாகக் காட்ட வேண்டியிருக்கும். பேசத் தொடங்குமுன் இரண்டு நொடி சும்மா இருக்கச் சொல்வது இதற்காகத்தான். அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வகுப்பறையின் எதிரொலியோ பெரும்பாலும் போகாது. போனை ஒரு கை தூரத்தில் வைப்பதும், அதன் கீழ்விளிம்பில் உள்ள மைக்கை விரல் மூடாமல் பார்ப்பதும் அதற்கு மருந்து.

ஒரிஜினல் கிடைக்காத வாட்ஸ்அப் கிளிப்பை என்ன செய்வது? முழுத் திரைக்கு இழுக்கக் கூடாது. சட்டமிட்டுச் சிறிதாக ஒரு பக்கம் வைத்தால் மங்கல் அதிகம் தெரியாது.

முடிந்த வீடியோவை H.264 வகை mp4 ஆக எடுப்பது பாதுகாப்பானது. பழைய டிவியும் மடிக்கணினியும் அதை ஓட்டும். FAT32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதையும் கவனிக்க வேண்டும். விழாவுக்கு முந்தைய நாள் அதே அரங்கில், அதே புரொஜெக்டரில், அதே ஒலிபெருக்கியில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வெட்டாத அசல் கிளிப்புகளை இன்னொரு பென் டிரைவில் போட்டுத் தலைமை ஆசிரியையிடமே கொடுத்துவிடலாம். நேரம் கருதி நீக்கிய வார்த்தைகளும் அவருக்காகப் பேசப்பட்டவைதானே.