ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவு?

ஸ்டார்ட்அப் நிறுவனர் பத்து நிமிடம் பேசி முடித்ததும் கேள்வி நேரம் தொடங்கும். அப்போது பலரைத் திணறவைக்கும் கேள்வி இது: "ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது, அது எப்போது திரும்பி வரும்?" முதலீட்டாளர் தரும் பணத்தில் ஒரு பகுதி புது வாடிக்கையாளரைப் பிடிக்கப் போகும் என்பதால், இதை அவர் எளிதில் விடமாட்டார்.

செக்கு எண்ணெயை மாதாமாதம் வீட்டுக்கே அனுப்பும் ஒரு நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதம் 800 ரூபாய்க்கு வாங்குகிறார். சரக்கு, பேக்கிங், டெலிவரி எல்லாம் போக 150 ரூபாய் மிஞ்சுகிறது. விளம்பரத்துக்கு மாதம் 60,000 ரூபாய் செலவு. புதிதாக வருபவர்கள் 100 பேர். ஆகவே தலைக்கு 600 ரூபாய், நான்கே மாதத்தில் போட்டது வந்துவிடும் என்கிறார் நிறுவனர்.

அடுத்த கேள்வியிலேயே இந்தக் கணக்கு ஆட்டம் காணும். அந்த 100 பேரில் 40 பேர் தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள். விளம்பரம் கொண்டுவந்தது 60 பேரைத்தான். விற்பனை ஊழியரின் சம்பளம் 18,000 ரூபாயையும் சேர்த்தால் தலைக்கு 1,300 ரூபாய். அதை மீட்க ஒன்பது மாதம் வேண்டும்.

அதுவரை அவர்கள் இருப்பார்களா? இதைத் தெரிந்துகொள்ள, சேர்ந்த மாதவாரியாகப் பட்டியல் போட வேண்டும். ஜனவரியில் சேர்ந்த 100 பேரில் அடுத்தடுத்த மாதங்களில் 85, 75, 67, 60, 55 பேர் வாங்கியிருந்தால், ஆறு மாதத்தில் தலைக்குத் திரும்பியது சராசரியாக 663 ரூபாய்தான். போட்டதில் பாதி. மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த ஓட்டை தெரியாது. புதிதாக வருபவர்கள் அதை மறைத்துவிடுவார்கள்.

இந்த எண்ணை மறைக்காமல், அதிலிருந்தே பதிலைத் தயாரிக்க வேண்டும். "விளம்பரத்தில் வருபவருக்கு 1,300 ரூபாய் ஆகிறது, ஆறு மாதத்தில் பாதிதான் திரும்புகிறது. அதிகம் பேர் விலகுவது இரண்டாம் மாதத்தில். ஒரு மாத எண்ணெய் சின்னக் குடும்பத்துக்கு மீந்துபோவதாக விலகியவர்கள் சொன்னார்கள். அதனால் சிறிய பேக் கொண்டுவருகிறோம். அது பலன் தருகிறதா என்று பார்த்த பிறகே விளம்பரத்தைக் கூட்டுவோம்." எண், அது வந்த வழி, பலவீனம், அதற்கான நடவடிக்கை ஆகிய நான்கும் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஒத்திகைக்குப் புகழும் நண்பர்கள் உதவமாட்டார்கள். கணக்கு தெரிந்த ஒருவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் "இது எப்படி வந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கான விவரத்தை ஆர்டர் பதிவுகளிலிருந்து எடுங்கள். அப்படியும் கிடைக்காத எண்ணை ஊகித்துச் சொல்லாதீர்கள். எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள் என்று சொல்லி, அன்றே அனுப்புங்கள். பணம் போடும் முன் முதலீட்டாளர் வங்கிக் கணக்கையும் ஆர்டர் விவரங்களையும் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார். அங்கே ஒத்துப்போகாத ஒரே ஒரு எண் போதும், மற்ற எல்லா எண்களையும் அவர் சந்தேகிக்க.