வெள்ளி நள்ளிரவு எண்டா எந்த இரவு?

போன மார்ச்சில் நாங்கள் கொடுத்த மெக்கானிக்கல் கீபோர்ட் ஞாபகம் இருக்குதானே? அதற்கு விதிமுறை எழுதினது நான். ஆறே ஆறு வரி. எழுத எடுத்தது பத்து நிமிஷம், வந்த மின்னஞ்சல்களுக்குப் பதில் போட எடுத்தது ஒரு கிழமை. அடுத்த கிவ்எவே வருகிறது, அதற்கு முதல் அந்த ஆறு வரியையும் எப்படித் திருத்தினேன் எண்டு சொல்லிவிடுகிறேன். உங்கட பள்ளிக்கூடச் சங்கத்துக்கோ கடைக்கோ போட்டி நடத்துகிற ஆக்களுக்கும் இது உதவும்.

முதலில் முடிவுத் திகதி. நான் எழுதினது: "மார்ச் 14 வெள்ளிக்கிழமை நள்ளிரவு ஈஎஸ்டி வரை அனுப்பலாம்." வாசிக்க நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தால், ரொறன்ரோ நேரம் 12 மணிக்குப் பிறகு நாலு பேர் அனுப்பியிருந்தார்கள். நாலு பேருக்கும் "நேரம் முடிந்துவிட்டது" எண்டு பதில் போட்டேன். அதில் ஒருவர் லண்டனில் இருக்கிற அக்கா, இரவு வேலை முடித்து வந்து அங்கத்தை நேரம் அதிகாலை 4:20க்கு அனுப்பியிருந்தார். அவர் திருப்பி எழுதினார்: "தம்பி, ஈஎஸ்டி எண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்? அப்ப எனக்கு அஞ்சு மணி மட்டும் இருக்கு."

கணக்குப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. 2025இல் கனடாவில் மார்ச் 9ஆம் திகதியே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டோம். அதற்குப் பிறகு ரொறன்ரோவில் ஓடுகிறது ஈடிடி, கிரீன்விச்சுக்கு 4 மணித்தியாலம் பின்னால். ஈஎஸ்டி என்றால் 5 மணித்தியாலம் பின்னால். பிரித்தானியாவில் மார்ச் 30 வரைக்கும் மணிக்கூடு மாறவில்லை. ஆக, நான் எழுதின எழுத்தின்படி முடிவு நேரம் லண்டனில் காலை 5:00. நான் மனசில் நினைச்சது 4:00. எங்களில் முக்கால்வாசிப் பேர் வருஷம் முழுக்க ஈஎஸ்டி என்றுதான் எழுதுகிறோம், பழக்கதோஷம். ஒருத்தருக்குப் பரிசு போகும்போதுதான் அந்த ஒரு எழுத்து கடிக்கும்.

நாலு பேரையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு வாசகத்தை இரண்டு விதமாக எடுக்கலாம் என்றால், அதை எழுதினவருக்கு எதிராக எடுப்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழக்கம். சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம்.

ஆனால் இன்னொருவருக்கு ஒண்டும் செய்ய முடியவில்லை. மொன்றியலில் படிக்கிற ஒரு தம்பி, "வெள்ளி நள்ளிரவு" என்பதை வியாழன் இரவு முடிந்து வெள்ளி தொடங்குகிற நேரம் என்று எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க நேரம் இருந்தும், முடிஞ்சுது எண்டு விட்டுவிட்டான். "நான் பிழையா வாசிச்சிட்டன் போல" எண்டு மன்னிப்பு வேறு கேட்டான். அவன் பிழையாக வாசிக்கவில்லை. நள்ளிரவு இரண்டு நாளுக்கும் நடுவில் நிற்கிறது, எந்த நாளுக்கு அது சொந்தம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்காகத் திகதியை நீட்டினால், நேரத்துக்கு அனுப்பின எல்லாருடைய வாய்ப்பும் குறையும். பிரித்தானிய விளம்பர விதிக்கோவையும் இதைத்தான் சொல்கிறது: எங்கள் கையை மீறின, தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் முடிவுத் திகதியை மாற்றக்கூடாது.

திருத்தின வரி இது: "கடைசி நேரம்: 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை இரவு 11:59, ரொறன்ரோ நேரம். அது லண்டனில் மார்ச் 15 சனி அதிகாலை 3:59, சிட்னியில் சனி பிற்பகல் 2:59. படிவம் எங்களுக்கு வந்து சேர்ந்த நேரமே கணக்கு." பாருங்கோ, "வரை" இல்லை, "குள்" இல்லை. "14க்குள்" என்றால் 14ஆம் திகதி சேருமா எண்டு அம்மாவிடம் கேட்டேன், சேரும் என்றார். அப்பா சேராது என்றார். அன்றைக்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். மாதத்தையும் எழுத்தில் போடுங்கோ. 05/04 என்றால் அமெரிக்காவில் மே 4, லண்டனில் ஏப்ரல் 5.

அடுத்தது, யார் சேரலாம். "18 வயதுக்கு மேற்பட்டவர்கள்" என்று போட்டிருந்தேன். சரியாக 18 வயசுக்காரர் உள்ளுக்கா, வெளியாலயா? இப்போது "படிவம் அனுப்பும் நாளில் 18 வயது நிரம்பியவர்கள்." இதைவிடப் பெரிய சிக்கல், "எங்கள் குடும்பத்தினர் பங்குபற்ற முடியாது" என்ற வரி. ஆங்கிலத்தில் இருந்த ஒரு மாதிரியைப் பார்த்துத் தமிழில் போட்டது. எங்கட ஆக்களுக்குக் குடும்பம் என்றால் எங்க முடியும்? என்னோடு நிகழ்ச்சி செய்கிறவனின் பெரியம்மா மகன், "நான் உங்கட குடும்பமா இல்லையா, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். இல்லை என்றால் கோபம், ஓம் என்றால் கீபோர்ட் இல்லை. திருத்தினது: "தயாரிப்புக் குழுவில் இருப்பவர்கள், அவர்களின் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் பங்குபற்ற முடியாது. மற்ற உறவினர் பங்குபற்றலாம்." கடைசி வாக்கியம் பெரியம்மா மகனுக்காகவே போட்டது.

சேருகிற வழியை நான் இப்படி எழுதியிருந்தேன்: "எங்களைப் பின்தொடர்ந்து, பகிர்ந்து, கருத்திடுங்கள் அல்லது படிவம் நிரப்புங்கள்." அந்த "அல்லது" கடைசி வேலைக்கு மட்டும் மாற்றா, மூன்றுக்கும் மாற்றா? சிலர் எல்லாம் செய்தார்கள், சிலர் படிவம் மட்டும். இதைத் திருத்தவே முடியாது, வெட்டத்தான் வேணும். இப்போது படிவம் ஒன்றுதான் வழி, ஆளுக்கு ஒரு முறை. "ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு முறை" என்று எழுதினால் நாலு மின்னஞ்சல் வைத்திருக்கிறவர் நாலு தரம் வருவார்.

கனடாவில் குலுக்கல் பரிசு என்றால் ஒரு கணக்குக் கேள்வியும் இருக்குமே, அது சும்மா இல்லை. முழுக்க அதிர்ஷ்டத்தில் பரிசு கொடுப்பதைக் குற்றவியல் சட்டத்தின் 206ஆம் பிரிவு மட்டுப்படுத்துகிறது. அதனால் கொஞ்சம் திறமையும் கலக்கிறார்கள். நான் கேட்டது 6 + 4 × 5 − 10. பெருக்கலை முதலில் செய்தால் 16, இடமிருந்து வரிசையாகச் செய்தால் 40. இரண்டு விடையும் வந்தது. அடைப்புக்குறி போட்டு (4 × 5) + 6 − 10 என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

பரிசு வரியில் "200 டொலர் கீபோர்ட்" என்று இருந்தது. எந்த நாட்டு டொலர்? எத்தனை கீபோர்ட்? கனேடியப் போட்டிச் சட்டம் பரிசுகளின் எண்ணிக்கையையும் அண்ணளவான பெறுமதியையும் சொல்லச் சொல்கிறது. அதை எழுதத் தொடங்கின பிறகுதான் மிச்சம் ஞாபகம் வந்தது: அமெரிக்க எழுத்து அமைப்பு, படத்தில் தெரிகிற மணிக்கட்டுத் தாங்கி சேராது, அனுப்புகிற செலவு எங்களது, வேறு நாட்டில் சுங்கவரி வந்தால் வென்றவர் கட்ட வேணும். கடைசி விஷயம் கசப்பானது, ஆனால் பெட்டி வாசலுக்கு வந்த பிறகு தெரிவதைவிட முதலே தெரிவது நல்லது.

இப்போது புது விதிமுறையை வெளியிட முதல் மூன்று பேரிடம் கொடுக்கிறேன். "விளங்குதா?" என்று கேட்பதில்லை, எல்லாரும் ஓம் என்பார்கள். ஆக்களைச் சொல்லிக் கேட்கிறேன்: நாளைக்கு 18 ஆகிற பிள்ளை இன்றைக்கு அனுப்பலாமா? படிப்பு விசாவில் வன்கூவரில் இருக்கிறவர்? சனி பிற்பகல் 3 மணிக்குச் சிட்னியில் இருந்து அனுப்பினவர்? மூன்று பேரும் ஒரே பதில் சொல்லாவிட்டால் அந்த வரி திரும்ப மேசைக்கு வரும். போன ஞாயிறு விசாக் கேள்வியில் இரண்டு பேர் முடியாது என்றார்கள், ஏனென்றால் நான் "கனேடியர்கள்" என்று எழுதியிருந்தேன். இப்போது அது "கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வசிப்பவர்கள், எந்தக் குடியுரிமையானாலும்." மொன்றியல் தம்பிக்கும் வரைவை அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அவன்தான் முதல் வாசகர்.