பொத்தானை அழுத்தினால் ரோபோ கை நிற்குமா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ரோபோ கை இருந்தால், பக்கத்தில் சிவப்பாகக் காளான் தலை போல ஒரு பொத்தானும் இருக்கும். அதன் ஒயர் எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். ஆர்டுயினோ பலகையின் ஒரு பின்னில் போய் முடிந்தால் அதை நம்ப முடியாது. கை கட்டுமீறி ஆடுவதற்கு நிரல் தவறும் ஒரு காரணம். தவறிய நிரலே பொத்தானையும் கவனித்துக் கையை நிறுத்தும் என்று எதிர்பார்க்கலாமா? மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே பொத்தான் துண்டிக்க வேண்டும்.

நான்கு எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார்கள் கொண்ட ஒரு கையை எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் ஓடும் இந்த மோட்டார் எதிலாவது முட்டித் திணறினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 10 ஆம்பியர். சிறிய பொத்தானின் தொடுமுனை வழியே இவ்வளவு நேர்மின்னோட்டத்தை வெட்டினால் பொறி பறந்து முனை கருகும். அதனால் இடையில் ஒரு ரிலே வேண்டும். ஒவ்வொரு துருவமும் 15 ஆம்பியர் தாங்கும் இரட்டைத் துருவ ரிலே இதற்குப் பொருந்தும். மோட்டார் மின்சாரம் முதல் துருவத்தின் வழியே போகட்டும். பொத்தான் ரிலேயின் காயிலை மட்டும் கட்டுப்படுத்தட்டும். காயிலின் குறுக்கே ஒரு டயோடை மறக்காமல் எதிர்த்திசையில் போடுங்கள். போடாவிட்டால், ஒவ்வொரு முறை துண்டிக்கும்போதும் எழும் மின்னழுத்தத் துள்ளல் பொத்தானின் முனையை அரித்துவிடும்.

பொத்தானில் என்.சி., என்.ஓ. என இரண்டு வகைத் தொடுமுனைகள் கிடைக்கும். அழுத்தாதபோது மூடியிருக்கும் என்.சி.யைத்தான் காயிலுடன் தொடராக இணைக்க வேண்டும். என்.ஓ.வை வைத்து அமைத்த சுற்றில் ஒயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. ஆபத்து வரும் நாளில், அழுத்தியும் பயனில்லாதபோதுதான் தெரியும். என்.சி.யில் ஒயர் அறுந்தாலும் திருகாணி தளர்ந்தாலும் கை தானாகவே நின்றுவிடும். இணைத்து முடித்ததும், கை ஓடிக்கொண்டிருக்கும்போது பொத்தானைத் தொடாமல் பிளக்கை மட்டும் உருவிப் பாருங்கள். நிற்காவிட்டால் இணைப்பு தவறு.

அழுத்திய பொத்தான் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். திருகினால்தான் வெளியே வரும். ஆனால் திருகியவுடன் கை மறுபடி ஓடத் தொடங்கினால், உள்ளே கைவிட்டு எதையோ எடுக்கும் மாணவருக்கு அடி நிச்சயம். இதைத் தடுக்க ஒரு பச்சைப் பொத்தானைக் காயிலுடன் தொடராகச் சேர்த்து, ரிலேயின் இரண்டாவது துருவத்தைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக இணைக்கிறோம். பச்சையை ஒருமுறை அழுத்தினால் ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். சிவப்பு அதை விடுவித்தால், மீண்டும் யாராவது பச்சையை அழுத்தும்வரை மின்சாரம் வராது.

மின்சாரம் போனதும் கை தொங்கி விழும் என்பதையும் மறக்கக்கூடாது. விழுந்த இடம் இந்த சர்வோவின் நிரலுக்குத் தெரியாது. மின்சாரம் திரும்பியதும் கடைசியாகக் கட்டளையிட்ட கோணத்துக்கு முழு வேகத்தில் பாயும். எனவே பொத்தானின் இன்னொரு தொடுமுனையை ஆர்டுயினோவுக்குக் கொடுத்து, நின்றதும் கட்டளைத் துடிப்புகளையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். பச்சையை அழுத்துமுன் கையை ஓய்வு நிலையில் வைத்து, நிரலையும் அதே கோணத்திலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

அடுத்தது எல்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் கோண வரம்பு வைப்பது எளிது:

```cpp
angle = constrain(angle, 30, 140);
shoulder.write(angle);
```

இது மட்டும் போதாது. தோள் மூட்டு மேசைக்கு 10 செ.மீ. மேலே இருக்கிறது, மேற்கை 12 செ.மீ., முன்கையும் பிடிப்பானும் சேர்ந்து 22 செ.மீ. என்று வைப்போம். மேற்கை 30 பாகை மேல்நோக்கி இருந்தால் முழங்கையின் உயரம் 16 செ.மீ. அங்கிருந்து முன்கை 60 பாகை கீழ்நோக்கினால் அதன் நுனி 19 செ.மீ. இறங்கும். அதாவது மேசைக்கு 3 செ.மீ. கீழே! இரண்டு கோணமும் தனித்தனியே அனுமதிக்கப்பட்டவைதான். ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் முன் நுனியின் உயரத்தைக் கணக்கிட்டு, 2 செ.மீ.க்குக் குறைந்தால் அந்தக் கட்டளையை மறுக்க வேண்டும்.

இதுவும் நிரல்தான், நிரல் தவறும். அதனால் வெளியே ஒரு வேலி வேண்டும். இந்தக் கை முழுதாக நீண்டால் 34 செ.மீ. எட்டும், பிடித்திருக்கும் பொருளையும் சேர்த்து, 50 செ.மீ. ஆரத்துக்கு வெளியே அக்ரிலிக் தடுப்பு வையுங்கள். தடுப்பின் கதவில் ஒரு என்.சி. சுவிட்சைப் பொருத்தி, சிவப்புப் பொத்தானுடன் தொடராக இணைத்தால், கதவைத் திறந்தாலே கை நின்றுவிடும். கதவு மூடியிருக்கும்போதுதான் அந்த சுவிட்சின் முனையும் மூடியிருக்க வேண்டும். சிவப்புப் பொத்தான் வேலிக்கு வெளியே, குள்ளமான மாணவருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இந்த ஒற்றை ரிலே அமைப்பு இத்தகைய சிறிய கைகளுக்குத்தான். எலும்பை முறிக்கும் வலுவுள்ள தொழிற்சாலைக் கைக்கு இரட்டை வழியில் கண்காணிக்கும் பாதுகாப்பு ரிலே கட்டாயம் வேண்டும். ஒற்றை ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் சிவப்பை அழுத்தியும் மின்சாரம் போகாது. ஒவ்வொரு நாளும் வகுப்புக்கு முன், சிவப்பை அழுத்தினாலும் கட்டளைத் துடிப்புகளை நிறுத்தாத ஒரு சோதனை நிரலால் கையை ஓய்வு நிலைக்கு அருகே ஓடவிட்டுச் சிவப்பை அழுத்துங்கள், பிறகு ஒரு மூட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். தளர்ந்து நகர்ந்தால் சரி. விறைத்து எதிர்த்தால், ரிலேயை மாற்றும்வரை அந்தக் கையை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள்.