பரிந்துரைக் கடிதத்தில் 'நல்ல மாணவி' என்று எழுதினால் போதுமா? ராமானுஜனுக்கு உதவிய கடிதம் சொல்லும் பாடம்

பிளஸ் 2 முடித்து கல்லூரிக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் பல இடங்களில் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். ஆசிரியரும் மனசார எழுதித் தருகிறார். ஆனால் படித்துப் பார்த்தால் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைப் பண்பு மிக்கவர்' என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அது நூறாவது கடிதம். பெயரை மறைத்துவிட்டால் யாருடைய கடிதம் என்றே சொல்ல முடியாது.

அப்படியென்றால் நம்பும்படியான பாராட்டு எப்படி இருக்கும்? கடிதத்தை அனுப்பும் முன் அதில் எதையெல்லாம் சரிபார்க்கணும்? கணித மேதை ராமானுஜனுக்காக எழுதப்பட்ட இரண்டு கடிதங்களில் இதற்கு விடை இருக்கிறது.

வேலைக்கு ஒரு கடிதம், ஆராய்ச்சிக்கு ஒரு கடிதம்

1912-ல் சென்னை துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். கையில் பட்டம் கிடையாது. மாநிலக் கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய சிபாரிசு மட்டும் இருந்தது. சில வரிகள்தான். கணிதத்தில், அதிலும் எண்கள் சார்ந்த வேலையில், இவருக்கு அசாதாரணத் திறமை இருக்கிறது, கணக்குப் போடுவதில் ரொம்ப வேகமானவர் என்பதே அதன் சாரம். ஒழுக்கம், பணிவு என்று எதையும் அவர் சேர்க்கவில்லை. கணக்குப் பிரிவு எழுத்தருக்கு என்ன தேவையோ அதை மட்டும் சொன்னார். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ராமானுஜனுக்கு வேலை கிடைத்தது.

அடுத்த ஆண்டு வந்த கடிதம்தான் முக்கியமானது. 1913 பிப்ரவரியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது, ராமானுஜனின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ராமானுஜனுக்கு வகுப்பெடுத்தவர் இல்லை. மறுநாளே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன. தான் பார்த்த வேலையின் புதுமையை, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் கணித ஆய்வாளராக இருப்பவரின் வேலையோடு ஒப்பிடலாம் என்றார். ஆனால், முடிவுகளை எல்லோரும் ஏற்கும் அளவுக்கு அதில் முழுமையும் துல்லியமும் இன்னும் வரவில்லை என்று குறையையும் சொன்னார். இந்தக் கணிதப் பிரிவு தன்னுடைய சிறப்புத் துறை இல்லை, அதனால் இவருடைய திறமையின் முழு அளவைத் தன்னால் உறுதியாக மதிப்பிட முடியாது என்று ஒப்புக்கொண்டார். கடைசியாக, பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் சில ஆண்டுகள் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட இவருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்யலாம் என்று தெளிவாகக் கேட்டார்.

பலன் என்ன? பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் கொடுத்தது.

குறையைச் சொன்னதால் வாக்கரின் கடிதம் பலவீனமாகவில்லை. 'இது எனக்குத் தெரியும், இது தெரியாது' என்று பிரித்துச் சொல்கிறவர் பாராட்டும்போது அதை நம்பத் தோன்றும். அதுதான் அங்கே நடந்தது.

அய்யனார் கோவில் ஓடையும் ஒரு கடிதமும்

இதை இன்றைய பள்ளிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு கற்பனை உதாரணம். ராஜபாளையத்தைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவி ஒருவர் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க விண்ணப்பிக்கிறார். வேதியியல் ஆசிரியை எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"இம்மாணவி இயற்கையின் மீது மிகுந்த ஆர்வம் கொண்டவர். கடின உழைப்பாளி. நேர்மையானவர். நான் பார்த்த மாணவர்களிலேயே தலைசிறந்தவர். எல்லாத் துறையிலும் சாதிப்பார்."

சக ஆசிரியர் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதுகிறார்: 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'இயற்கை மீது ஆர்வம்' என்பதற்கு ஆசிரியை சொன்ன பதில்: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள அய்யனார் கோவில் ஓடையில், மக்கள் குளிக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஆறு சனிக்கிழமை தண்ணீர் எடுத்து வந்து, வடிதாளில் வடிகட்டி, தங்கிய மண்ணை எடை போட்டாள்.

'நேர்மை' என்பதற்கு இன்னும் நல்ல பதில் இருந்தது. கீழேதான் கலங்கல் அதிகம் இருக்கும் என்று மாணவி எதிர்பார்த்தாள். இரண்டு வாரம் தலைகீழாக வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் முந்தின நாள் மழை பெய்திருந்தது. மேலே காலையிலும் கீழே மதியத்திலும் தண்ணீர் எடுத்ததால், அந்த இடைவெளியில் ஓடை தெளிந்துவிட்டது என்பதைத் தானே கண்டுபிடித்தாள். பிறகு தங்கையைக் கூட்டிப்போய் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எடுத்தாள்.

'தலைசிறந்தவர்' என்ற வரியில்தான் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் அவளுக்கு வகுப்பில் ஐந்தாம் இடம். கடிதம் ஒன்று சொல்லி, பட்டியல் வேறொன்று சொன்னால் குழு பட்டியலைத்தான் நம்பும். கடிதத்தின் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும். அதனால் அந்த வரி இப்படி மாறியது:

"வேதியியலில் வகுப்பில் ஐந்தாம் இடம் பெற்றவர். ஆனால் எட்டு ஆண்டுகளில் நான் வழிநடத்திய செய்முறைத் திட்டங்களில், தன் அளவீட்டில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய மாணவி இவர் ஒருவர்தான். எழுத்தில் இன்னும் சுருக்கம் வேண்டும். அறிக்கையை இரண்டு முறை திருத்தச் சொல்ல வேண்டியிருந்தது."

'எல்லாத் துறையிலும் சாதிப்பார்' என்பது முழுசாக அடிக்கப்பட்டது. அது ஆசிரியை பார்த்த விஷயம் இல்லை.

அனுப்பும் முன் என்ன பார்க்கணும்?

முதலில் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கணும். அந்தக் கடிதம் வகுப்பில் இன்னொருவருக்கும் பொருந்தினால், உதாரணம் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, உதாரணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். மாணவர் தன் விண்ணப்பத்தில் எழுதிய சாதனைகளையே ஆசிரியரும் அடுக்கினால் குழுவுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஆசிரியர் நேரில் பார்த்த ஒரு சம்பவம், கேள்விப்பட்ட பத்துப் பரிசுகளைவிட மேல்.

மூன்றாவது, ஒப்பீடு. 'சிறந்தவர்' என்றால் யாரோடு ஒப்பிட்டு, எத்தனை பேரில், எந்த விஷயத்தில் என்று இருக்கணும். எல்லை குறுகக் குறுக நம்பிக்கை கூடும்.

குறையைச் சொல்வதிலும் அளவு வேண்டும். எழுத்தில் சுருக்கம் வேண்டும் என்பது சரிசெய்யக்கூடிய குறை. மாணவரின் குடும்பப் பிரச்சினை, உடல்நிலை போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. கடிதத்தை மாணவர் படிக்கக் கூடாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அங்கே இந்தச் சரிபார்ப்பைச் சக ஆசிரியரோ தலைமை ஆசிரியரோதான் செய்யணும்.

இவ்வளவு கேட்டும் ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை என்றால்? அந்த மாணவரை நன்றாகத் தெரிந்த வேறு ஆசிரியரிடம் அனுப்பிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.