இருவர் பார்த்தால் ஒரே கணக்கு வருமா?

மருத்துவமனை வார்டில் செவிலியர்களும் டாக்டர்களும் கை சுத்தம் செய்கிறார்களா என்று குறிக்க இரண்டு பேரை நிறுத்துகிறோம். படிவத்தில் "கையைச் சரியாகச் சுத்தம் செய்தாரா?" என்று கேட்டிருந்தால் அதை அப்போதே கிழித்துப் போடலாம். எது சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், ஊசி போடுவது போன்ற தூய்மை தேவைப்படும் வேலைக்கு முன், ரத்தம் முதலியவை பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கண்ணால் பார்க்கக்கூடிய விடைகள் மட்டும் இருக்கட்டும்: சானிடைசர், சோப்பும் தண்ணீரும், எதுவுமில்லை. 'தெரியவில்லை' என்றும் ஒரு கட்டம் சேர்ப்பேன். திரைச்சீலை மறைத்தால் ஊகித்து டிக் போடுவதுதான் மனித இயல்பு.

இவ்வளவு செய்தும் கணக்கு இடிக்கும். ஒரு செவிலியர் முதல் படுக்கையில் நாடி பார்த்துவிட்டு, சானிடைசர் தேய்த்துக்கொண்டு, நேரே அடுத்த படுக்கை நோயாளியின் கையைப் பிடிக்கிறார். 'தொட்டபின்', 'தொடுமுன்' என்று இதை ஒருவர் இரண்டாக எண்ணுவார், மற்றவர் ஒன்றாக. காரணம் இரண்டு, கை சுத்தம் செய்யும் வாய்ப்பு ஒன்று என்பதே விதி. சுத்தம் செய்தாரா என்பதைவிட, எதை ஒரு வாய்ப்பாக எண்ணுவது என்பதில்தான் சண்டை அதிகம். ஆகவே இத்தகைய இக்கட்டுகளைத் தேடிப்பிடித்துப் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

பயிற்சிக்குச் சிறு வீடியோக்கள் போதும். பேசாமல் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். பிறகு வரிவரியாக ஒப்பிடுங்கள். மாறுபட்ட இடத்தில் யார் சீனியர் என்று பார்க்கக் கூடாது. விதியில் என்ன ஓட்டை என்று பார்த்து, அதைத் திருத்த வேண்டும். அடுத்து, இருவரும் வார்டில் ஒரே நேரத்தில், ஒருவர் தாளை மற்றவர் பாராமல் குறிக்க வேண்டும்.

இங்கே மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 100 வாய்ப்புகளில் இருவருமே 90 'செய்தார்', 10 'செய்யவில்லை' என்று குறித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் ஒருவர் 'செய்யவில்லை' என்ற பத்தும் வேறு, மற்றவருடைய பத்தும் வேறு. எனவே ஒத்துப்போனவை 80. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் டிக் போட்டிருந்தாலே 82 ஒத்துப்போயிருக்கும் (0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82). இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்ப்பதற்கு ஜேக்கப் கோஹென் 1960-இல் கொடுத்த அளவுதான் கப்பா:

(0.80 − 0.82) ÷ (1 − 0.82) = −0.11

முழு ஒப்புமைக்கு 1, தற்செயலுக்கு 0. இந்த ஜோடி பூஜ்யத்துக்கும் கீழே. ஏறக்குறைய எல்லாரும் கை சுத்தம் செய்யும் வார்டில் கப்பா தானே இறங்கும் என்பதால், 'செய்யவில்லை' என்பதில் எத்தனை முறை ஒத்துப்போனார்கள் என்றும் தனியே பாருங்கள்.

தேறியவர்களும் மாதங்கள் போகப்போக ஆளுக்கொரு வழக்கத்துக்கு நழுவுவார்கள். அவ்வப்போது, முன்கூட்டிச் சொல்லாமல், ஜோடியை மாற்றிப் போட்டு ஒரு ஷிஃப்டைச் சேர்ந்து குறிக்கவைத்தால் அது தெரிந்துவிடும். நெடுநாள் ஒரே ஜோடியாக இருப்பவர்கள் சேர்ந்தே தவறாகவும் குறிப்பார்கள். அதை எந்தக் கப்பாவும் காட்டிக்கொடுக்காது.